கதவுக்கு ஒரு முகம்

யெல்மர்: தட்டிட்டு நின்னாரா?

ஆஃப்கே: இருபது நிமிஷம். தன் ரூம் கதவைத் தானே தட்டிட்டு, தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னுருக்காரு.

யெல்மர்: கதவுல ஒட்டின என் படத்தைப் பார்த்துட்டா...

ஆஃப்கே: அதைப் பார்த்துட்டுத்தான். நர்ஸ் ஹனேகே போய், ‘என்ன லீவே ஐயா, உங்க ரூம்தானே, உள்ள போகலையா’ன்னு கேட்டிருக்கா. ‘இந்தப் பெரியவர் தூங்குறாரு போல, எழுப்ப வேண்டாம்’னாராம்.

யெல்மர்: பெரியவரா.

ஆஃப்கே: என் புருஷனை என் புருஷனே பெரியவர்ங்கறாரு. உன் கைவண்ணம்.

யெல்மர்: அப்புறம் எங்க போனாரு?

ஆஃப்கே: எதிர் ரூமுக்கு. போஸ்ட்மா கட்டில்ல ஷூவோட படுத்துட்டாரு.

யெல்மர்: போஸ்ட்மா?

ஆஃப்கே: கட்டில்லதான் இருந்தாரு. சிரிக்காத.

யெல்மர்: சிரிக்கல.

ஆஃப்கே: ஞாபகம் போனதுலேர்ந்து இது நாலாவது தடவை. இன்னொரு தடவை அடுத்தவங்க ரூமுக்குள்ள போனா லேவார்டனுக்கு மாத்திடுவோம்னு முதியோர் இல்லத்துல சொல்லிட்டாங்க. அங்க பூட்டு போட்ட பிரிவு. இங்கன்னா தினம் சைக்கிள்ல போய்டறேன். அங்கன்னா ரயிலைப் பிடிச்சு, பஸ்ஸைப் பிடிச்சு... முட்டியைப் பாரு என் முட்டியை.

யெல்மர்: காபி ஆறுது.

ஆஃப்கே: ஆறட்டும். இந்தக் கதவுப் படம் சரியா வந்தாத்தான் உண்டு, யெல்மர். பேரு எழுதி வச்சுப் பார்த்தாங்க, வாசிக்க மாட்டேங்கறாரு. நம்பர் வச்சுப் பார்த்தாங்க. முகம்தான் மிச்சம்.

யெல்மர்: தப்பு என்னோடதுதான். போன மாசம் எடுத்த போட்டோவை வச்சு, இருக்கறதை இருக்கற மாதிரி வரைஞ்சுட்டேன்.

ஆஃப்கே: நல்லாத்தான் இருந்துச்சு. பார்த்த உடனே கண்டுபிடிச்சேனே நான்.

யெல்மர்: நீங்க கண்டுபிடிச்சு என்ன. கதவு உங்களுக்கில்லையே. இங்க பாருங்க. மூக்கோரத்துலேர்ந்து வாய் வரைக்கும் இறங்குதே, இந்த ரெண்டு கோடு. போட்டோல அது வெறும் நிழல். ஆனா இந்த மாதிரிப் படத்துல நிழல்னு ஒண்ணு கிடையாது. தடிச்ச கோடு, மூணே மூணு நிறம். வயசான கண்ணு ரூமுக்கு வெளிய நடையில நின்னு பார்க்கணும்ல, அதுக்காக அப்படி. அதனால ஒரு சுருக்கத்தை ஒண்ணு கோடா போடணும், இல்ல போடாமலே விடணும். பாதி போட முடியாது. போட்டா ஒவ்வொண்ணுக்கும் அஞ்சாறு வயசு ஏறும்.

ஆஃப்கே: எத்தனை போட்ட?

யெல்மர்: பதினொண்ணு.

ஆஃப்கே: எழுபத்தொரு வயசு ஆளுக்கு...

யெல்மர்: கணக்குப் போடாதீங்க.

ஆஃப்கே: சரி, எடுத்துடு. எல்லாத்தையும்.

யெல்மர்: எடுத்துப் பார்த்தேன். முட்டைக்கு மூக்கு வச்ச மாதிரி ஆயிடுச்சு. தெருவுல போற எவனா வேணா இருக்கலாம். ஆளைப் பிடிச்சு நிறுத்த ஏதாவது ரெண்டு மூணு வேணும்.

ஆஃப்கே: மச்சம்?

யெல்மர்: தாடையில இருக்கறதா? அது இருக்கும். பிறந்ததுலேர்ந்து இருக்கறது, எந்த வயசுக்கும் அது அவருதான். ஆனா முதல் தடவை கறுப்புல போட்டுத் தொலைச்சேன். மை சிந்தின மாதிரி இருந்துச்சு. கண்ணு அங்கேயே போய் நின்னுடுது, முகத்தைப் பார்க்கவே விடல. இப்ப சாம்பல். ஓரத்தை மட்டும் துல்லியமா வெட்டியிருக்கேன். மரக்கட்டைச் செருப்பு மாதிரி இருக்குல்ல அது?

ஆஃப்கே: ஆமா. குதிகால் காது பக்கம். ...ஆனா பக்கம் மாறிப்போச்சே. மச்சம் இந்தப் பக்கம்ல தெரியணும்.

யெல்மர்: உங்களுக்கு. நீங்க அவரை எதிர்ல நின்னு பார்க்கறவங்க. அவர் தன் முகத்தைப் பார்த்தது ஷேவ் பண்றப்போ கண்ணாடியில மட்டும்தான். அதனால படத்தை இடம் வலமா திருப்பி வச்சிட்டேன்.

ஆஃப்கே: எனக்கு யாரோ மாதிரி இருக்காரு.

யெல்மர்: இருக்கட்டும்.

ஆஃப்கே: ...இப்ப எத்தனை வயசுல வச்சிருக்க?

யெல்மர்: இருபத்தஞ்சு. சுருக்கம் கிடையாது. கன்னத்தைக் கொஞ்சம் நிரப்பி, முன்நெத்தியில முடியைக் கீழ இறக்கியிருக்கேன்.

ஆஃப்கே: இருபத்தஞ்சுன்னு யார் சொன்னது உனக்கு?

யெல்மர்: ஹனேகேதான் சொன்னாங்க. காலையில எழுந்ததும் படகுக்கு நேரமாச்சுங்கறாராம். எந்தப் படகுன்னு கேட்டா ஒரே பேரைத்தான் சொல்றாராம். துறைமுக ஆபீஸ்ல விசாரிச்சேன். அந்த இழுவைப் படகை எழுபத்தொன்பதுலயே வித்துட்டாங்க. அதுல அவர் மூணு வருஷம் இஞ்சின் பார்த்திருக்காரு. அப்ப அவர் அந்த மூணு வருஷத்துக்குள்ளதான் எங்கயோ இருக்காரு.

ஆஃப்கே: படகு பேரு ஒருத்தருக்கு எத்தனை வருஷம் வேணா ஞாபகம் இருக்கும்.

யெல்மர்: இருக்கும். ஆனா அதுக்காக வேலைக்குக் கிளம்ப மாட்டாங்க.

ஆஃப்கே: ...தழும்பை விட்டுட்ட.

யெல்மர்: அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன்.

ஆஃப்கே: கேக்க என்ன இருக்கு? புருவத்துல இருக்கறது அவர் முகத்துக்கே அடையாளம். ஊர்ல எல்லாருக்கும் தெரியும். போடு.

யெல்மர்: போடறது சுலபம். தழும்பை நான் வரையக்கூட வேண்டாம். புருவத்துல ஒரு சின்ன இடைவெளி விட்டா போதும், பார்க்கறவங்க கண்ணே தழும்பா எடுத்துக்கும். கன்னம் வரைக்கும் கோடு இழுத்தா கொள்ளைக்காரன் மாதிரி ஆயிடும்.

ஆஃப்கே: அப்ப விடு அந்த இடைவெளியை.

யெல்மர்: எப்ப வந்தது அது?

ஆஃப்கே: சின்ன வயசுல. பன்னெண்டு இருக்கும். கால்வாய்ல பனிச்சறுக்கு விளையாடி விழுந்தது.

யெல்மர்: பன்னெண்டா.

ஆஃப்கே: பதிமூணா இருக்கும். நான் என்ன பக்கத்துலயா இருந்தேன்?

யெல்மர்: பன்னெண்டுன்னா படத்துல தழும்பு இருந்தே ஆகணும். இருபத்தஞ்சுலயும் கண்ணாடியில அதைப் பார்த்திருப்பாரு.

ஆஃப்கே: அதைத்தானே சொல்றேன்.

யெல்மர்: இதைப் பாருங்க.

ஆஃப்கே: ...இது எப்படி உன்கிட்ட?

யெல்மர்: அவரோட கப்பல் வேலைப் புத்தகம். மேசை இழுப்பறையில இருந்துச்சுன்னு ஹனேகே கொடுத்தாங்க. இளவயசு போட்டோ ஒண்ணுகூட இல்லைன்னு நீங்க சொன்னீங்க.

ஆஃப்கே: மறந்திருப்பேன்.

யெல்மர்: இந்தப் போட்டோல இருபத்துமூணு வயசு. புருவம் முழுசா இருக்கு.

ஆஃப்கே: ஸ்டூடியோக்காரன் சரி பண்ணியிருப்பான். அந்தக் காலத்துல நெகட்டிவ்லயே பென்சிலால பூசிடுவாங்க. என் கல்யாண போட்டோல எனக்கு அம்மைத் தழும்பே கிடையாது, தெரியுமா?

யெல்மர்: தெரியும். தோலைப் பூசுவாங்க. பூசின இடம் வழவழன்னு இருக்கும். இங்க ஒவ்வொரு மயிரும் தனித்தனியா தெரியுது. பூதக்கண்ணாடி தரட்டுமா?

ஆஃப்கே: வேண்டாம். ரொம்பத் தெரிஞ்சவன் நீ. எட்டு வயசுல என் மீன் வண்டிக்கு வந்து உப்பு மீனை வெங்காயம் இல்லாம கேட்ட பய.

யெல்மர்: இப்பவும் வெங்காயம் பிடிக்காது.

ஆஃப்கே: தழும்பைப் போடு யெல்மர். நான்தானே சொல்றேன். படம் என் புருஷனோடது.

யெல்மர்: போட்டிருக்கேன். இதோ. ரெண்டு தாள் இருக்கு. ஒண்ணுல இடைவெளி இருக்கு, ஒண்ணுல இல்ல. மத்தபடி ரெண்டும் ஒண்ணுதான்.

ஆஃப்கே: அப்ப இடைவெளி உள்ளதைக் கொடு, எடுத்துட்டுப் போறேன்.

யெல்மர்: ஓரத்துல பசை இருக்கு, பார்த்துப் பிடிங்க.

ஆஃப்கே: பசையா? ...ரெண்டுலயும் இருக்கே.

யெல்மர்: நேத்து ரெண்டையும் ஒட்டிப் பார்த்தேன்.

ஆஃப்கே: எங்க?

யெல்மர்: அவர் கதவுல. நீங்க மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தீங்க.

ஆஃப்கே: என்கிட்ட சொல்லாம.

யெல்மர்: சொன்னா தழும்புள்ளதை மட்டும்தான் ஒட்ட விட்டிருப்பீங்க. உக்காருங்க அம்மா.

ஆஃப்கே: நிக்கறேன். முதல்ல எதை ஒட்டின?

யெல்மர்: தழும்புள்ளதை. சாப்பிட்டு முடிச்சு நடையில வந்தாரு. நின்னு பார்த்தாரு. போன தடவை மாதிரி பெரியவர்னு சொல்லல. கிட்டப் போய் புருவத்துல விரலை வச்சாரு. ‘இவனுக்கு என்ன ஆச்சு, யாரு அடிச்சது’ன்னு ஹனேகேகிட்ட கேட்டாரு. அவங்க பதில் சொல்றதுக்குள்ள எதிர்ப்பக்கம் திரும்பிட்டாரு.

ஆஃப்கே: போஸ்ட்மா ரூமுக்கா?

யெல்மர்: ஹனேகே கையைப் பிடிச்சு உணவுக்கூடத்துக்கே கூட்டிட்டுப் போய்ட்டாங்க. அதுக்குள்ள மாத்தி ஒட்டினேன்.

ஆஃப்கே: தழும்பு இல்லாததை.

யெல்மர்: ஆமா.

ஆஃப்கே: சொல்லு.

யெல்மர்: திரும்பி வந்தாரு. நிக்கவே இல்ல. கைப்பிடியைத் திருப்பி உள்ள போய், ஷூவைக் கழட்டி வாசல்ல ஜோடியா வச்சாரு. ராத்திரி வரைக்கும் வெளிய வரலையாம். இன்னிக்குக் காலையிலயும் அப்படித்தான்னு ஹனேகே போன் பண்ணாங்க.

ஆஃப்கே: அப்ப படம் இங்க எப்படி...

யெல்மர்: இது சோதிச்சுப் பார்க்க ஒட்டின தாள், அவர் உள்ள போனதும் எடுத்துட்டேன். கதவுல இப்ப இருக்கறது நல்ல தாள்ல அச்சடிச்சது.

ஆஃப்கே: அப்ப முடிஞ்சு போச்சு. என்னை எதுக்கு வரச் சொன்ன?

யெல்மர்: அதைக் கழட்டச் சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு. இல்லத்துல அப்படித்தான் சட்டம், குடும்பத்துக்காரங்க ஒத்துக்கணும். கையெழுத்து வேணும்.

ஆஃப்கே: பேனா கொடு.

யெல்மர்: யோசிச்சு...

ஆஃப்கே: பேனாவைக் கொடுப்பா. லேவார்டன் ரயில்ல போற முட்டி எனக்கில்ல.

யெல்மர்: இந்தாங்க. கீழ, இந்த இடத்துல. ...ஒண்ணு கேக்கலாமா? பன்னெண்டு வயசுன்னு ஏன் சொன்னீங்க?

ஆஃப்கே: இருபத்தாறு அவருக்கு. மீன் வண்டியை நிறுத்திட்டு, பின்னால சைக்கிள் வருதான்னு பார்க்காம கதவைத் திறந்தேன். கதவு நுனி புருவத்துல. ரத்தத்தோட எழுந்து நின்னு, உனக்கு அடிபட்டுச்சான்னு என்னைக் கேட்டாரு... அன்னிக்குத்தான் நாங்க முதல்முதலா பார்த்துக்கிட்டது. ரெண்டு மாசமா என்னை ‘நீங்க’ன்னு கூப்பிடறாரு யெல்மர். மரியாதைக்குன்னு ஹனேகேகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.