கீழ்ப்படிந்த மாணவன்

மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறிய இரண்டு கல்லூரிப் பெண்கள் என் எதிரே அமர்ந்தார்கள். ஒருத்தி மற்றவள் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்துக் கத்தினாள்.

“அடியேய் தென்றல், கடைசில ‘தங்கள் கீழ்ப்படிந்த மாணவன்’னு முடிச்சிருக்கியே!”

“ஐயோ! ஸ்கூல் லீவ் லெட்டர் எழுதின கைடி, அதுவா எழுதிடுச்சு.”

“வார்டன் மேடம் பாத்தா, பசங்க ஹாஸ்டல்லயே இருன்னுடுவாங்க. மத்ததாவது சரியா இருக்கா? படி.”

தென்றல் குரலைத் தாழ்த்திப் படித்தாள். “‘நான் திருநங்கை. கலெக்டர் வழங்கிய சான்றிதழை இணைத்துள்ளேன். ஆண்கள் விடுதியில் நான் குளிக்கும்போது கதவை உதைக்கிறார்கள். எனக்குப் பெண்கள் விடுதியில் இடம் வேண்டும். வருகைப் பதிவிலும் மெஸ் கார்டிலும் சான்றிதழில் உள்ள பெயரே இருக்க வேண்டும். என் விவரத்தை என் அனுமதியின்றி யாரிடமும் சொல்லக் கூடாது.’”

“தனி ரூம் கேக்கலையா?”

“கேட்டா மூலையில ஒதுக்கி வெச்சிடுவாங்க. உன் ரூம்ல காலியா இருக்கிற கட்டிலைத்தான் கேட்டிருக்கேன்.”

“என் சம்மதக் கடிதமும் பின்னாடி இருக்கு. சூப்பர்! அந்த ‘மாணவனை’ மட்டும் அடிச்சுத் திருத்து. திருத்தின இடத்துல இனிஷியல் போடணும், மறந்துடாதே.”

ரயில் கோட்டூர்புரத்தில் நின்றபோது தென்றல் அந்தச் சொல்லை அடித்து, மேலே ‘மாணவி’ என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்திட்டாள். தோழி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“ஏன்டி, இனிஷியல் போடச் சொன்னா முழுப் பேரையும் இவ்ளோ பெருசா போட்டிருக்க?”

“இருக்கட்டும்டி. மேடம் முதல்ல இதைத்தான் பாக்கணும்.”