குழாயடியில் பதினான்கு பேர்

நெய்வேலியில் எனக்குப் பிடித்தது குழாயடிதான், இன்ஸ்பெக்டர் ஐயா. எங்கள் பிளாக்கில் காலையில் தண்ணீர் வரும்போது அங்கே போய் நின்றால் போதும். பத்து ஜில்லாப் பேச்சும் காதில் விழும்.

மைன்ஸில் மண்ணைச் சுமந்து போகும் பெல்ட்டை ஓட்டும் சுவிட்ச் என் பொறுப்பு. ஷிப்ட் முடிந்தால் நாடகம். இந்த வருஷம் எழுதியதில் பதினான்கு பாத்திரங்கள், எல்லாம் எங்கள் பிளாக்கிலும் கேங்கிலும் இருக்கும் நிஜ ஆட்கள். முதல் பிரதியை என் மனைவி தனத்திடம் கொடுத்தேன். அவள் பெயர்களை விரலால் மறைத்துக்கொண்டு படித்தாள். "பதினாலு பேரும் நீங்களே பேசறீங்க"ன்னு தூக்கிப் போட்டாள். வலித்தது. நியாயமாகப் பார்த்தால் அவள் சொன்னது உண்மை.

ஊர்ப்பேச்சை ஒட்டவைத்தால் ஊர்தான் தெரியும், ஆள் தெரியாது. அதனால் நாடகத்தில் எல்லோரையும் ஒரே குழாயடியில் நிறுத்தினேன். எல்லோருக்கும் ஒரு குடம் தண்ணீர் வேண்டும். அதை ஒவ்வொருவர் எப்படிக் கேட்கிறார்? இசக்கிமுத்து கேட்கவே மாட்டான். "அண்ணாச்சி குடம் புதுசுல்லா"ன்னு அடுத்தவன் குடத்தைப் புகழ்ந்துகொண்டே முன்னால் போய்விடுவான். பாவாடை, "நான் இன்னா உங்களுக்கு வேலைக்காரனா"ன்னு திட்டிக்கினே நாலு வீட்டுக்குச் சுமப்பான். பேச்சு ஒரு பக்கம் இழுக்கும், ஆசை ஒரு பக்கம், செய்கை இன்னொரு பக்கம். அந்த இழுபறிதான் ஆள். பதின்மூன்று பேர் அப்படி எழுந்து நின்றுவிட்டார்கள். தனம் விரல் வைத்து மறைத்தாலும் பெயர் சொன்னாள்.

அருள்நாதன் மட்டும் அட்டையில் வெட்டிய பொம்மையாகவே நின்றான். எங்கள் பெல்ட் கேங்கை வேலை வாங்கும் சார்ஜ்மேன் அவன். "ஆல்ரைட், ஆல்ரைட்" என்பான். மெட்ராஸில் பிறந்தவன், தாய் தகப்பன் இல்லை, எதற்கும் பயமில்லை என்பான். பேச்சு, ஆசை, செய்கை மூன்றும் ஒரே கோட்டில் போயின. அப்படி ஒரு மனிதன் உண்டா? அவன் வீட்டில் சாப்பிட்டேன், கள் வாங்கிக் கொடுத்தேன், வம்புக்கு இழுத்தேன். அசையவில்லை. நாடகமோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஓர் அட்டை ஆள் நின்றால் மற்ற பதின்மூன்று பேரும் பொய்யாகிவிடுவார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று.

அன்று உச்சிவேளையில் பெல்ட்டை நிறுத்தியிருந்தோம். மற்றவர்கள் டீக்குப் போனார்கள். அருள்நாதன் கடைசி உருளையில் அப்பியிருந்த களிமண்ணைக் கையாலேயே வழித்துக்கொண்டிருந்தான். சங்கு ஊதி, குரல் கொடுத்து, பதில் வந்த பிறகுதான் சுவிட்சைத் தொட வேண்டும். நான் ஊதவில்லை.

பெல்ட் முதலில் அவன் விரல்களைப் பிடித்தது. பிறகு முழங்கை. எலும்பு நொறுங்குவது பச்சைக் கரும்பை ஆலையில் கொடுப்பதுபோலக் கேட்டது. அவசரத்துக்கு இழுக்கும் கயிறு என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் தொங்கியது. "ஆல்ரைட்" போய்விட்டது. மெட்ராஸும் போய்விட்டது. "உட்டுடு சாமி, குள்ளஞ்சாவடில எங்கம்மா ஒண்டியா கெடந்துகினு இருக்கு, களையெடுத்துக்கினு கெடக்கு, நான் போயி பாக்கல சாமி"ன்னு அலறினான். எவ்வளவு அழகான வாக்கியம் ஐயா! கௌரவம் வேண்டும் என்று பக்கத்துக் கிராமத்தில் களையெடுக்கும் பெற்றவளை மறைத்தவன், சாகும்போது அவளைத்தான் கூப்பிடுகிறான். தோள் உள்ளே போனது. நெஞ்சும் போனது. ரத்தம் பெல்ட்டோடு ஓடி, சுற்றித் திரும்பி வந்தது. அவன் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அதன் பிறகு கயிற்றை இழுத்தேன்.

சுவிட்சில் கை தவறிப் பட்டுவிட்டது, நான் ஓடி வருவதற்குள் மூச்சுப் பேச்சில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். மேனேஜர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அவன் வேஷத்தை இசக்கிமுத்துவுக்குக் கொடுத்தேன். ஒத்திகை பார்க்க மரியபுஷ்பம் வந்திருந்தாள். அருள்நாதன் பெண்சாதி. புருஷன் ஞாபகமாக நடக்கும் நாடகம் என்று நான்தான் கூப்பிட்டேன். இசக்கிமுத்து அந்த வாக்கியத்தைச் சொன்னதும் எழுந்து நேரே என்னிடம் வந்தாள். குரல் உயரவில்லை.

"அத்தை உசிரோட இருக்கறது எனக்கும் அவருக்கும் மட்டும்தாங்க தெரியும். இந்தப் பேச்சு பேசினா அவங்கம்மாகிட்டதாங்க பேசுவாரு. மூச்சுப் பேச்சு இல்லேன்னீங்களே. எங்க கேட்டீங்க?"

பதினான்கு பேருக்கும் பதில் எழுதத் தெரிந்த நான், கையிலிருந்த பிரதியில் அந்தப் பக்கத்தை மடித்து வைத்தேன். தனம் அங்கேயே இருந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் எந்தப் பாத்திரத்துக்கும் கொடுக்கவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். சுவிட்சைப் போட்டவன் ராமலிங்கம். கயிற்றை இழுக்காமல் நின்றவனும் நான்தான். நியாயமாகப் பார்த்தால் அதைக் கொலை என்று சொல்ல முடியாது. கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். எனக்குள் இழுபறி எதுவும் கிடையாது, பேசுவதும் நினைப்பதும் செய்வதும் ஒன்றுதான்.

ஒன்றை மட்டும் நாடகத்தில் சேர்க்காமல் விட்டேன். கடைசியில் அவன் என் முகத்தைப் பார்த்து, "நீ நல்லவன் ராமலிங்கம், உன்னால பாத்துக்கினு நிக்க ஆகாது, கயித்த இழுத்துடுவே" என்றான். அந்த வரியைப் பிரதியில் அடித்துவிட்டேன். அந்த இடத்தில் அது பொருந்தவில்லை, ஐயா.