அவன் எழுதிய மன்னிப்புக் கடிதம்

சட்டைக்கு இஸ்திரி போடும்போது காலரில் ஆரம்பிக்க வேண்டும். நுனியிலிருந்து நடுவுக்கு வர வேண்டும். நடுவிலிருந்து தள்ளினால் சுருக்கமெல்லாம் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஹோட்டல் சலவைக்கூடத்தில் சேர்ந்த அன்று எனக்குச் சொல்லித் தந்தது இதுதான். மன்னிப்புக் கடிதமும் கிட்டத்தட்ட இதே வேலைதான். முதலில் கண்ணில் படுகிற இடத்தில் கை வைக்க வேண்டும்.

உங்கள் காதலனும் நானும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அவன் பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதுகிறவன். ஊரில் பிறந்தவர்களுக்கெல்லாம் வாழ்த்து எழுதிவிட்டு உங்கள் பிறந்தநாளை மறந்துவிட்டான் என்று அழுதீர்கள். அவன் மறக்கவில்லை. அதைச் சொல்லத்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

போன வருஷம் அவன் உங்களைச் சினிமா வாசலில் மழையில் நிற்க வைத்தபோது, அவன் பெயரில் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு நீங்கள் வீட்டுக்கு வந்து என்னிடமே சொன்னீர்கள்: "அண்ணா, இவருக்கு இப்படியெல்லாம் எழுத வரும்னு எனக்குத் தெரியவே தெரியாது. ரெண்டு தடவை படிச்சேன்."

ஊரை விட்டு வந்த நாளிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். என் எழுத்தை ஒரு தடவை முழுசாகப் படித்தவர்கூடக் கிடையாது.

ஆனால் மழையில் நிற்க வைத்ததற்கு நாலு வரிதான் தாங்கும். முழுக் கடிதம் எழுத முழுத் தப்பு வேண்டும்.

உங்கள் அப்பா போன பிறகு வரும் முதல் பிறந்தநாள் இது. வருஷா வருஷம் விடிந்ததும் அவர்தான் முதலில் போன் செய்வார் என்றும், இந்த வருஷம் அந்த முதல் போன் இவனுடையதாக இருக்க வேண்டும் என்றும் எங்கள் சமையலறையில் நின்று சொன்னீர்கள். "மறந்தே, அவ்ளோதான். இந்தப் பக்கம் என்னைப் பாக்கவே முடியாது" என்றீர்கள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நல்ல விஷயமாக இருக்கிறதே என்று தோன்றியது.

அவன் உங்கள் முன்னாலேயே போனில் அலாரம் வைத்தான். அவன் குளிக்கப் போனபோது அதை ஒரு நாள் தள்ளி வைத்தேன். அவனுக்குக் கிழமை தெரியும், தேதி தெரியாது. தேதி என்பது அவனைப் பொறுத்தவரை கேக் பெட்டியில் ஒட்டுகிற சமாச்சாரம்.

பிறந்தநாளன்று நீங்களும் பிடிவாதமாக ஞாபகப்படுத்தவில்லை. சாயங்காலம் அவன் உங்களுக்கு "சாப்டியா?" என்று மட்டும் செய்தி அனுப்பினான். மறுநாள் விடிகாலையில் எழுந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, உங்களுக்குப் போன் போட்டுப் பாட்டெல்லாம் பாடிவிட்டு, "நான்தானே ஃபர்ஸ்ட்டு?" என்று கேட்டான். நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. எனக்குமே கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

"மச்சான், நீதான்டா என்னைக் காப்பாத்தணும்" என்று சொல்லி, தான் எழுதி வைத்திருந்த காகிதத்தை நீட்டினான். 'பேக்கரியில ரொம்ப வேலை செல்லம். உனக்குக் கஷ்டமா இருந்திருந்தா சாரி. ஆனா நான் உன்னை எவ்ளோ லவ் பண்றேன்னு உனக்கே தெரியும். எப்ப சமாதானம் ஆவே?' கீழே வரிசையாக இதயங்கள்.

"இருந்திருந்தாவா? அதுல என்னடா சந்தேகம்?" என்று அதை அடித்தேன். வேலையை அடித்தேன், அது சாக்கு. 'ஆனா'வை அடித்தேன், அதற்கு முன்னால் கேட்ட மன்னிப்பையெல்லாம் அது தின்றுவிடும். சமாதானம் எப்போது என்று கேட்பது கடன்காரன் வேலை, அதையும் அடித்தேன்.

"பூ வாங்கிட்டுப் போகட்டுமா?"

"கடிதத்தோட பூ குடுத்தா லஞ்சம்டா. அடுத்த வாரம் குடு."

"இதயமாவது ஒண்ணு இருக்கட்டுமே, மச்சான்."

"ஒண்ணும் வேணாம். உன் கையெழுத்துல எழுது. அடிச்சு எழுதினா அப்படியே விடு."

முதல் பத்தியில் என்ன தப்பு என்று சுற்றி வளைக்காமல் வைத்தேன். இரண்டாவதில் நீங்கள் என்ன கேட்டிருந்தீர்கள் என்பது. மூன்றாவது இப்படி:

'அன்னிக்குக் காலைல நீ போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்திருப்பே. அது அடிக்கலை. அப்பா இல்லைங்கறது உனக்கு இன்னொரு தடவை தெரிஞ்சிருக்கும். அந்த இன்னொரு தடவைக்குக் காரணம் நான்தான்.'

கடைசியில், இனி என்ன செய்வான் என்று மட்டும். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவே இல்லை.

நேற்று நீங்கள் வந்தீர்கள். சாப்பாட்டு மேஜையில் அதை வாய்விட்டுப் படித்தீர்கள். மூன்றாவது பத்தியில் குரல் உடைந்து, அவன் தோளில் சாய்ந்துகொண்டீர்கள். "எப்படிடா இப்படி எழுதினே?" என்று கேட்டீர்கள். அவன் கூச்சமே இல்லாமல், "மனசுல இருந்து தானா வந்துச்சு" என்றான்.

தானாக வந்ததாம். அந்தப் பத்தியை உங்கள் பிறந்தநாளுக்கு முந்தைய வாரமே, இஸ்திரி மேஜையில் நின்றபடி எழுதி முடித்துவிட்டேன்.

நீங்கள் இருவரும் சேர்ந்துவிட்டீர்கள், சந்தோஷம். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு பொய்யின் மேல் உங்கள் வாழ்க்கை ஆரம்பிக்கக் கூடாது என்கிற நல்லெண்ணத்தில்தான் சொல்கிறேன். அலாரத்தை மாற்றியது நான். உங்களை அன்று காலை அப்படி உட்கார வைத்தது நான்.

ஒரே ஒரு சந்தேகம். 'இன்னொரு தடவை' என்கிற இடத்தில் முதலில் 'மறுபடியும்' என்றுதான் எழுதியிருந்தேன். எது நன்றாக இருக்கிறது? மனசு ஆறிய பிறகு சொன்னால் போதும், அவசரமில்லை.