ஜோஸ்பின் அக்கா சிரித்த இடம்

சாப்பாட்டுக்குப் பிறகு பேசுகிறவர் ஐந்து நிமிஷத்தைத் தாண்டக் கூடாது, மேடம். பிரியாணி சாப்பிட்டவர்களுக்குக் கண் சொருகும்.

திருவாண்டார்கோயில் கம்பெனி ஆண்டு விழாவில் இந்த வருஷம் என்னைப் பேசச் சொன்னார்கள். முறையாகத்தான் தயாரித்தேன். முதலில் என்னையே கிண்டல் செய்துகொள்ள வேண்டும், அப்போதுதான் மற்றவர்களைத் தொட உரிமை வரும். உடம்பு, சாதி, சம்பளம், குடும்பம் பக்கம் போகவே கூடாது. பழக்கங்களைத் தொடலாம். மேனேஜரை லேசாக, கடைநிலை ஆளை இன்னும் லேசாக. பெயர் வருகிற ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே படித்துக் காட்ட வேண்டும்.

டைம் ஆபீஸ் ஜோஸ்பின் அக்காவுக்கும் படித்துக் காட்டினேன். நாங்கள் ஒரு நிமிஷம் தாமதமாக வந்தாலும் சிவப்பு மையில் எழுதுகிறவர், மாலை ஐந்தரைக்குக் கரையாம்புத்தூர் பஸ்ஸைப் பிடிக்க டிபன் பாக்ஸ் குலுங்க ஓடுகிறார் என்று இருந்தது. விழுந்து விழுந்து சிரித்தார்.

"நல்லாருக்கு தேவி. ஆனா கரையாம்புத்தூர் பஸ்ஸுன்றத மட்டும் எடுத்துடு."

"இன்னாக்கா, அதுல இன்னா இருக்கு?"

"எம் வூட்டுக்காரரு தேடிக்கினு இருக்காரு. நான் தங்கியிருக்கற எடம் தெரிஞ்சா உசுரோட வுட மாட்டாரு."

எடுத்துவிடுகிறேன் என்றேன். தாளில் அடித்தும் காட்டினேன்.

அக்கா கெட்டவர் இல்லை. போன மாசம் எனக்கு சூப்பர்வைசர் வேலை கொடுக்கலாமா என்று மேனேஜர் கேட்டபோது, என் எதிரிலேயே "அவுங்க வூட்ல இதுதான் மொதல்ல படிச்சது, பாவம், குடுங்க சார்" என்றார். வேலை கிடைத்தது. எங்கள் வீட்டில் வேறு யாரும் படிக்கவில்லைதான். நான் தேர்வு எழுதித்தான் பட்டம் வாங்கினேன், பாவம் பார்த்து யாரும் தரவில்லை. அந்தப் 'பாவம்' சாப்பிடும்போதும் காதில் கேட்டது.

பேச்சு நன்றாகப் போனது. என் இங்கிலீஷைக் கிண்டல் செய்தேன், மேனேஜரின் கூட்டங்களையும் கிண்டல் செய்தேன். பிறகு அக்கா. "கரையாம்புத்தூர் பஸ், அக்கா ஏறாம நகராது. கடைசி ஸ்டாப்புல எறக்கி வுட்டுட்டுத்தான் டிரைவர் டீயே குடிப்பாரு" என்றேன். கூடம் அதிர்ந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்ததால் அக்காவும் கர்சீப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை. கடைசியில், அக்கா இல்லாவிட்டால் இந்தக் கம்பெனிக்கு நேரமே தெரியாது என்று பாராட்டி முடித்தேன். கிண்டலைப் பாராட்டில்தான் முடிக்க வேண்டும்.

திங்கள்கிழமை கடைசி ஸ்டாப்பில் அவர் கணவர் நின்றிருந்தார். மற்றது உங்கள் எஃப்.ஐ.ஆரிலேயே இருக்கிறது.

பேச்சு வீடியோவை கம்பெனி குரூப்பில் யாரும் அழிக்கவில்லை. தினமும் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் அக்கா கொஞ்சம் அதிகநேரம் என்னையே பார்க்கிறார்.

வாய் தவறியதா என்று கேட்டீர்கள். இல்லை. மூன்றாவது மேசையில் லோடிங் செக்‌ஷன் டேனியல் உட்கார்ந்திருந்தார், அக்கா கணவரின் சித்தப்பா மகன். எனக்குத் தெரியும். நகைச்சுவையில் முக்கியமான வரிக்குப் பின் ஒரு நொடி நிறுத்த வேண்டும், சிரிப்புக்கு இடம் விட. நான் மூன்று நொடி நிறுத்தினேன், டேனியலையே பார்த்துக்கொண்டு. அவர் சிரிக்கவில்லை. போனை எடுத்தார். அதற்குப் பிறகுதான் அடுத்த வரிக்குப் போனேன்.

வேண்டுமானால் தாளைப் படித்துப் பாருங்கள், மேடம். யார் மனதையும் நோகடிக்கிற மாதிரி ஒரு சொல்கூட அதில் இருக்காது.