பையை வாங்கிக்கொண்டேன்

எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, மேடம். அதனால் அன்றைக்கு எட்டரைக்கே செஞ்சி பேருந்து நிலையத்துக்கு வந்து நிழல் பார்த்து நின்றுகொண்டேன். ரஞ்சனியின் பேருந்து ஒன்பதே காலுக்கு.

இரண்டு வருடமாக நாங்கள் தோழிகள். அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களின் டெலிகிராம் குழுவில் பழக்கம். அவள் தாம்பரம். நான் வேதியியல் முடித்துவிட்டு இங்கே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். வீட்டில்கூட அதிகம் பேச மாட்டேன். அவளுக்கு மட்டும் எழுதுவேன். போனில் பேசியதில்லை. அவள் முகத்தைப் படத்தில் பார்த்திருக்கிறேன். என் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செம்பருத்தி வைத்திருந்தேன்.

நேரில் பார்த்ததும் என்ன செய்வது என்று ஒரு வாரம் பேசினோம். கை கொடுக்கலாமா, வணக்கம் சொல்லலாமா என்று கேட்டேன்.

"லூசு, கட்டிப்பிடிப்பேன்டி. ஓடிடாத" என்று எழுதினாள்.

டீக்கடை ஓரம், மஞ்சள் சுடிதார் என்று அடையாளம் சொன்னேன். கையை எவ்வளவு தூக்குவது என்று கண்ணாடி முன்னால் பார்த்துக்கொண்டேன்.

இருவரும் இருப்பிடத்தைப் பகிர்ந்திருந்தோம். திரையில் அவள் புள்ளி திண்டிவனம் தாண்டி ஊர்ந்து வந்து என் புள்ளியோடு ஒட்டியது. இறங்கினாள். படத்தில் இருந்ததைவிடக் குள்ளம். அவள் கண் என்மேல் இரண்டு முறை பட்டு நகர்ந்தது. பிறகு போன் செய்தாள். என் கையில் மணி அடித்தது. திரும்பிப் பார்த்தாள்.

ஒரு விநாடி. சிரிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

"ஓ... அன்புக்கரசி நீங்கதானா?"

நீங்க. இரண்டு வருடத்தில் முதல் முறை. விரல் நுனியை நீட்டினாள். என் இரண்டு கையும் ஏற்கெனவே மேலே போயிருந்தன. இறக்குவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அவள் தோளில் இருந்த பையை வாங்கிக்கொண்டேன். விருந்தாளி பையை வாங்குவது வழக்கம்தானே.

ஆட்டோவில் ஏறியதும் என் இருப்பிடத்தைப் பகிர்வதை நிறுத்தினேன். இனி தேவையில்லை என்று நெட்டையும் அணைத்தேன். அவள் என் பக்கம் பார்க்காமல் போனில் ஏதோ எழுதினாள். எழுதிவிட்டுத் தனக்குள் சிரித்தாள். யாரிடமோ என்னைப் பற்றி எழுதுகிறாள் என்று புரிந்துகொண்டேன்.

ஓட்டிய செல்லப்பன் அண்ணன் கண்ணாடியில் பார்த்து, "இன்னாம்மா, சண்டையா? ஆளுக்கொரு மூலைல குந்திக்கினு வர்றீங்க" என்றார். "அதெல்லாம் இல்லண்ணே" என்றேன். அவளும் அதையே அதே நேரத்தில் சொன்னாள்.

செஞ்சிக் கோட்டை பார்க்கத்தான் வந்திருந்தாள். ராஜகிரி மலை அடிவாரத்தில் டிக்கெட் எடுத்ததும், "போனையும் பையில போட்டுடுங்க. குரங்கு புடுங்கிடும். பை என்கிட்டயே இருக்கட்டும்" என்றேன். அது உண்மை. ஊர்க்காரர்கள் எல்லோரும் வெளியூர்க்காரர்களிடம் சொல்வதுதான். பையின் முன் ஜிப்பில் அவள் இன்ஹேலர் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆஸ்துமா விஷயத்தை எனக்கு மட்டும்தான் எழுதியிருந்தாள்.

நான் வேகமாக ஏறினேன். பின்னால் அவள் காலடி கேட்டுக்கொண்டே இருந்தது. வார நாள், கூட்டம் இல்லை. பாதி மலைக்கு மேல் ஒரு திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டாள். பையைப் பார்த்துக் கை நீட்டினாள். இந்த முறை விரல் நுனி இல்லை, முழுக் கை. நான் அவளைத் தாண்டி நான்கு படி கீழே இறங்கி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"பை... குடுடி" என்றாள்.

டி என்று அப்போதுதான் வந்தது.

நான் அவளைத் தொடவே இல்லை. தள்ளவும் இல்லை. எவ்வளவு நேரம் என்று நீங்கள் கேட்டீர்கள். கடிகாரத்தில் பதினோரு நிமிடம். பிறகு நாடி பார்த்தேன். பையைப் புதரில் போட்டுவிட்டு, கீழே போய்க் காவலாளியிடம் குரங்கு பிடுங்கிக்கொண்டது என்று சொன்னேன். பை ஜிப் மூடியபடியே கிடைத்தது, குரங்குக்கு ஜிப் திறக்கத் தெரியும், திரும்ப மூடத் தெரியாது என்று நீங்கள் சொன்னது சரி. அதை நான் யோசிக்கவில்லை.

நேற்று என் போனில் நெட்டைப் போட்டு, வந்த செய்தியைக் காட்டினீர்கள். ஆட்டோவில் இருந்தபோது அனுப்பியது. எனக்குத்தான்.

"அடியே, உன்ன பாத்ததும் ஒரே வெக்கமாயிடுச்சு. வாயே வரல. நீங்கன்னு வேற சொல்லித் தொலைச்சிட்டேன். மேல போனதும் கட்டிப்பிடிச்சிக்கிறேன், திட்டாத."

படித்தேன், மேடம். ஆனால் இதில் என் தவறு என்ன என்றுதான் தெரியவில்லை. அவள் இதை நேரில் சொல்லியிருக்கலாம். கடைசிவரை நான் பக்கத்தில்தான் இருந்தேன்.