போன் அடித்துக்கொண்டே இருக்கட்டும்

கும்பகோணத்திலிருந்து நன்னிலம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"போனை அவ எடுத்துட்டா படம் செத்துடுங்க" என்றாள் மனைவி.

மறுநாள் எடுக்கப்போகும் குறும்படத்தின் கடைசிக் காட்சி அது. கதை அவளுடையது, கேமரா அவனுடையது. படத்தில், துபாயிலிருக்கும் ஒருவன் தன் மனைவிக்கு விசா அனுப்பிவிட்டு, வருகிறாயா என்று கேட்கப் போனில் கூப்பிடுகிறான். அவள் நடவு வயலில் நிற்கிறாள்.

"'நான் வரலைங்க'ன்னு வசனம் இருந்துச்சே?"

"அடிச்சுட்டேன். பதிலை நாமளே சொன்ன மாதிரி ஆயிடுது."

"பாக்குறவங்க குழம்ப மாட்டாங்களா?"

"கேள்வி தெளிவா இருந்தா குழம்ப மாட்டாங்க. முதல்ல ஆசையா பெட்டி வாங்குறா. அப்புறம் மறுநாள் நடவுக்கும் ஆள் சொல்றா. ரெண்டு பக்கமும் சம எடை. கடைசியில வாய்க்கால்ல கை கழுவுறா, வரப்புல போன் அடிக்குது. முகத்துக்குக் கிட்ட போகாதீங்க, கண்ணு காட்டிக்கொடுத்துடும். மியூசிக்கும் வேண்டாம், சோகமா போட்டா அதுவே பதில். மணி நின்னுட்டா எடுக்கலைன்னு ஆயிடும். அதனால அடிக்கும்போதே முடிச்சிடணும்."

அவன் அவளையே பார்த்தான். "எப்படித்தான் தோணுதோ உனக்கு!"

பக்கத்து சீட்டிலிருந்த பெண் தன் தோழியிடம் சொன்னாள்: "எடுக்க மாட்டா. நட்ட வயலை விட்டுட்டு எவ போவா?"

"போடி, பெட்டி வாங்கினவ போகாம இருப்பாளா?"

இருவருக்கும் வாக்குவாதம் முற்றியது. கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மனைவி சிரித்தபடி அவன் கையை அழுத்திப் பிடித்தாள்.