முதலில் என்னிடம் சொல்லுங்கள்

சண்டை போட்டவரோடு சமாதானம் பேசக் காலை பத்து மணிதான் நல்ல நேரம். வந்ததும் வராததுமாகப் போனால் ஆளுக்கு நூறு வேலை இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் கண் சொருகும். பத்து மணிக்கு எல்லோரும் ஒரு தேநீர் குடித்திருப்பார்கள், முகத்தில் கொஞ்சம் இளக்கம் வந்திருக்கும். நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் பதினெட்டு வருடமாக ஆப்பிள் கிடங்கில் பொறியாளராக இருக்கிறேன். அங்கே பதினான்கு குளிர் அறைகள் உண்டு. பழத்தை உள்ளே அடுக்கிக் கதவை இறுக மூடி, காற்றில் இருக்கும் ஆக்சிஜனை வெளியேற்றி நைட்ரஜனை நிரப்பிவிடுவோம். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் நூற்றில் இருபத்தொரு பங்கு. எங்கள் அறைகளில் இரண்டுக்கும் குறைவு. அதில் பழம் தூங்கிவிடும், எட்டு மாதம் கழித்து எடுத்தாலும் நேற்றுப் பறித்தது போல இருக்கும். அந்தக் காற்றுக்கு நான்தான் பொறுப்பு. பெட்டி ஏற்றி இறக்கும் லோடர்கள் எனக்கு 'ஆக்சிஜன் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும்.

நான் சண்டை போட்டவர் தரப் பிரிவு அதிகாரி. வேலைக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. என் மூத்த மகளைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். நான் அவரை 'மேடம்' என்பேன், அவர் என்னை 'சார்' என்பார். அதுவரை எங்களுக்குள் ஒரு முகச்சுளிப்புகூட இருந்ததில்லை.

புதன்கிழமைதோறும் காலை எட்டு மணிக்கு மேலாளர் அறையில் கூட்டம் நடக்கும். பன்னிரண்டு பேர் உட்காருவோம். அன்றைக்கு ஆக்சிஜன் மீட்டர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. அறைக்குள் ஆள் போவதற்கு முன் காற்றை அளக்கும் கைக்கருவிகள் அவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே சோதனைச்சாலைக்கு அனுப்பி, சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். அனுப்பியாகிவிட்டது, எல்லாம் சரி என்று நான் சொன்னேன்.

"அனுப்பலையே சார்" என்றார் அவர்.

"மேடம் ஆப்பிள் அழுகுதான்னு பாத்துச் சொல்லட்டும். மீட்டரை நான் பாத்துக்கிறேன்" என்றேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த தாளை மேசையில் வைத்தார். வாசல் காவலரின் பதிவேட்டு நகல் அது. "பதினோரு மாசமா எந்த மீட்டரும் கேட்டைத் தாண்டிப் போகல சார். ஆனா நாலு தடவை போய் வந்ததா நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ரெண்டு பேரும் உக்காந்து பேசிட்டு அடுத்த வாரம் சொல்லுங்க" என்றார்.

அன்று முழுவதும் நான் அவரிடம் போகவில்லை. ரத்தம் கொதிக்கும்போது வாயைத் திறந்தால் சமாதானம் பேசப் போய் இரண்டாவது சண்டையோடு திரும்ப வேண்டியிருக்கும். அதற்காக ஒரு வாரம் தள்ளிப்போடவும் கூடாது. அதற்குள் அவரவர் மனதில் கதை வளர்ந்துவிடும். அன்று வீட்டில் நான் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்ததைப் பார்த்து மனைவி என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"தனியாக் கூப்பிட்டு மன்னிப்புக் கேக்கப் போறீங்களா? பன்னெண்டு பேர் முன்னாடி கிண்டல் பண்ணிட்டு ரூமுக்குள்ள வச்சு மன்னிப்புக் கேட்டா, அது அந்தப் பொண்ணுக்கு என்னத்துக்கு ஆகும்?" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். தனியாகவும் பேச வேண்டும், பொதுவிலும் சரிசெய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை அவர் மேசைக்கே போனேன். இந்த மாதிரி விஷயத்துக்கு மின்னஞ்சல் அனுப்பக் கூடாது, எழுத்துக்குக் குரல் கிடையாது. "நேத்து நடந்ததைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசலாமா? இன்னைக்கு முடியலேன்னா நாளைக்குப் பேசலாம்" என்றேன். எதற்கென்று சொல்லாமல் கூப்பிட்டால் வருகிறவர் வரும் வழியெல்லாம் பயந்துகொண்டே வருவார். பத்து மணிக்கு என்றார்.

பேக்கிங் கூடத்துக்குப் பின்னால் அட்டைப்பெட்டி மாதிரிகள் வைக்கும் சின்ன அறை ஒன்று இருக்கிறது. அவருடைய இடமும் இல்லை, என்னுடைய இடமும் இல்லை. எதிரெதிரே உட்கார்ந்தால் விசாரணை போல இருக்கும் என்று மேசையின் மூலையை ஒட்டி நாற்காலிகளைப் போட்டேன். கைபேசியை அணைத்தேன்.

முதலில் என் பங்கைச் சொன்னேன். "எல்லார் முன்னாடியும் உங்களை மட்டம் தட்டிப் பேசினேன். அது தப்பு. மன்னிச்சுக்குங்க." அதோடு நிறுத்திக்கொண்டேன். அந்த இடத்தில் 'ஆனா' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் முன்னால் சொன்னதெல்லாம் வீண். பிறகு, "உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அவர் அட்டைப்பெட்டி மாதிரி ஒன்றை எடுத்து மடித்துப் பிரித்தார். நான் அவசரப்படுத்தவில்லை.

"கார்ல உக்காந்து அழுதேன் சார்" என்றார். "ஒன்றரை வருஷமா இந்தச் சிரிப்பைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க அதுல சேர மாட்டீங்கன்னு நினைச்சிருந்தேன்."

"அப்போ, என்ன சொன்னேங்கிறதைவிட, அதை நான் சொன்னதுதான் உங்களுக்கு வலிச்சிருக்கு. வேற யாராவது சொல்லியிருந்தா இவ்வளவு இருந்திருக்காது. சரியாப் புரிஞ்சிக்கிட்டேனா?"

ஆமாம் என்று தலையாட்டினார். கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பாதி மனத்தாங்கல் அங்கேயே இறங்கிவிடும். அவருக்கும் இறங்கியது. தானாகவே சொன்னார்: "நானும் தப்புப் பண்ணேன் சார். அந்தத் தாளை முதல்ல உங்ககிட்ட காட்டியிருக்கணும். எடுத்த எடுப்புல மீட்டிங்ல போட்டிருக்கக் கூடாது."

அதன் பிறகு மீட்டர் விஷயத்தைப் பேசினோம். மனக்கசப்பு வேறு, வேலை வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டக் கூடாது. கையெழுத்து தவறுதான் என்று ஒப்புக்கொண்டேன். ஆள் போதவில்லை, சோம்பலும் சேர்ந்துகொண்டது என்றேன். அன்றைக்கே எல்லா மீட்டர்களையும் சோதனைக்கு அனுப்புவதாகச் சொன்னேன், அனுப்பவும் செய்தேன். அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவர் சொன்னதுதான் சரி என்று சொல்வதாகவும் வாக்குக் கொடுத்தேன்.

"உங்களுக்கு என்கிட்டேர்ந்து என்ன வேணும் சார்?" என்று கேட்டார்.

"எதுவாயிருந்தாலும் முதல்ல என்கிட்ட வந்து சொல்லுங்க. நான் கேக்கலேன்னா அப்புறம் எங்க வேணா கொண்டுபோங்க."

நியாயமான வேண்டுகோள். எந்த அலுவலகத்திலும் இரண்டு பேர் இப்படித்தான் பேசி முடிப்பார்கள். அவரும் சம்மதித்தார். எழுந்தபோது சிரித்தார். அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் கோபமோ வேறு எந்த எண்ணமோ இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அடுத்த புதன் காலை ஏழேகால் மணிக்கு என் அறைக்கு வந்தார். கையில் ஒரு கோப்பு இருந்தது. கதவைச் சாத்திவிட்டு, "பேசிக்கிட்டபடி முதல்ல உங்ககிட்டதான் சார்" என்றார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒன்பதாம் அறையில் ஒரு லோடர் விழுந்து இறந்துபோனான். நெட்டையன் என்று கூப்பிடுவோம். மருத்துவர் மாரடைப்பு என்று எழுதினார், அதோடு முடிந்தது. அந்த அறைக்குள் ஆள் போகலாம், ஆக்சிஜன் இருபத்தொன்று இருக்கிறது என்று அன்று காலை பதிவேட்டில் எழுதியவன் நான். அளக்காமல் எழுதியிருந்தேன். ஆனால் ஒவ்வோர் அறையின் சுவரிலும் தனியாக ஓர் உணர்கருவி இருக்கிறது. அது கணினியில் தானாகவே எழுதிக்கொண்டே இருக்கும். பழைய மீட்டர் கணக்கைத் தேடப் போனவர் அந்தப் பதிவையும் எடுத்திருக்கிறார். அந்தக் காலையில் ஒன்பதாம் அறையில் இருந்த ஆக்சிஜன் வெறும் நான்கு பங்கு.

"ஏதாவது காரணம் இருக்கும்னு நினைச்சேன். உங்ககிட்ட கேக்காம யார்கிட்டயும் போகக் கூடாதுன்னு..."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார். வீட்டுலகூடச் சொல்லல."

நல்லவேளை என்னிடம் வந்தீர்கள் என்றேன். மூன்று வருடமாக நெஞ்சை அரித்துக்கொண்டிருந்த விஷயம், இன்றைக்குக் கூட்டத்தில் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். அவருக்குக் கண் கலங்கியது. "நானும் கூட இருக்கேன் சார்" என்றார்.

நான்காம் அறையை அன்று திறப்பதாக இருந்தது. பழத்தின் நடுப்பகுதி பழுப்பேறிவிட்டதா என்று மேலாளர் கண்டிப்பாகக் கேட்பார், மாதிரிக்கு நாலு பழம் எடுத்து வந்துவிடலாமே என்றேன். இருவரும் நடந்து போனோம். பெரிய கதவின் கீழே ஆள் குனிந்து நுழையும் அளவுக்குச் சின்னக் கதவு ஒன்று உண்டு. அதைத் திறந்து கொடுத்தேன். "நேத்து சாயங்காலமே காத்து மாத்தியாச்சு. நானே அளந்தேன்" என்றேன்.

சோதனை முடிந்து வந்த மீட்டர் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கை அதை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார்.

"பாத்துக்குங்க மேடம். நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்றேன்.

அவர் கையை இறக்கிவிட்டார். "அதெல்லாம் வேணாம் சார்" என்றார். முகத்தில் லேசான வெட்கம் தெரிந்தது, என்னைப் புண்படுத்தப் பார்த்தோமே என்பதுபோல.

நான்காம் அறையில் காற்றை யாரும் மாற்றவில்லை. அன்று விடிந்ததும் நானே கணினியில் பார்த்திருந்தேன், ஒன்று புள்ளி எட்டு. அந்தக் காற்றில் மூச்சுத் திணறாது, வாடையும் இருக்காது. இரண்டு மூச்சு, மூன்று மூச்சு, அவ்வளவுதான். அவர் கோப்பை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து உள்ளே போனார். பழப்பெட்டி ஒன்று சரிந்த சத்தம் கேட்டது. நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கூப்பிட்டுப் பார்க்கவில்லை. பிறகு சின்னக் கதவைச் சாத்திவிட்டு, கோப்பை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன்.

சரியாக எட்டு மணி. எல்லோரும் உட்கார்ந்ததும் நானே முதலில் பேசினேன். போன வாரம் மேடம் சொன்னதுதான் சரி, அவரைக் கிண்டல் செய்தது என் தவறு, இதைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்கள். மேலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேடம் எங்கே என்று யாரோ கேட்டார்கள். வந்துவிடுவார் என்றேன்.

கோப்பை எங்கே வைத்திருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நெட்டையன் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் என் பொறுப்புதான். வாக்குமூலத்தில் ஒன்றை மட்டும் தவறாக எழுதியிருக்கிறீர்கள். முன்விரோதம் காரணமாக என்று இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். எங்களுக்குள் விரோதம் எதுவும் இல்லை. அதைத்தான் வியாழக்கிழமையே பேசித் தீர்த்துவிட்டோமே.